விருந்தினர் கருத்துச் சீட்டைத் திருத்தி எழுதிய பதிவு

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் விருந்தினர் தங்குகிறார்கள், இரண்டாங்கட்டில் இலை போட்டுச் சாப்பாடு. பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று கோவிலுக்கு வரும் குடும்பங்களும், வீடுகளைப் பார்க்க வருகிறவர்களும்தான் பெரும்பாலும் வருவது. கிளம்பும்போது கணக்குத் தீர்க்கும் இடத்தில் ஒரு கருத்துச் சீட்டைக் கொடுப்பார்கள். வீட்டை நடத்தும் ஆச்சி அந்தச் சீட்டுக்கட்டை என்னிடம் கொடுத்து, "எல்லாரும் நல்லாருக்குன்னுதான் எழுதுறாக தம்பி. இலையப் பாத்தா அப்படித் தெரியலையே" என்றார். கோழி வறுவல் பாதி அப்படியே இலையில் மடிந்து போகிறது, தயிரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று இலை எடுக்கிறவர்கள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

காரைக்குடி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். சீட்டின் முதல் கேள்வியிலேயே காரணம் தெரிந்தது. அது இப்படி இருந்தது:

"பாரம்பரிய மணம் மாறாத எங்கள் செட்டிநாட்டுச் சாப்பாடு உங்களுக்குப் பிடித்திருந்ததா? மிகவும் பிடித்தது / பிடித்தது / பரவாயில்லை"

இதில் மூன்று இடத்தில் பதில் முன்கூட்டியே சாய்க்கப்பட்டிருக்கிறது. "பாரம்பரிய மணம் மாறாத" என்பது விளம்பர வாசகம். அதைக் கேள்விக்குள் வைத்துவிட்டால், பிடிக்கவில்லை என்று சொல்பவர் பாரம்பரியத்தையே குறை சொல்வது போல ஆகிவிடும். அடுத்து, "பிடித்திருந்ததா" என்று ஒரு பக்கத்தை மட்டும் கேட்கிறது. சாப்பாடு போட்டவர்கள் முகத்துக்கு எதிரே நின்று கேட்கும்போது நம் ஊரில் யார் இல்லை என்பார்கள்? மூன்றாவதுதான் மோசம். பிடிக்கவில்லை என்பவருக்குக் குறி போட இடமே இல்லை.

திருத்துவதற்கு முன்னால் ஆச்சியிடம் ஒன்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்தால் அடுப்படியில் எதை மாற்றுவீர்கள்? அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காரத்தைக் குறைக்கணுமா வேணாமான்னு தெரியணும்" என்றார். அப்படியானால் கேட்க வேண்டியது காரத்தைப் பற்றித்தான். "சாப்பாடு பிடித்ததா" என்ற கேள்விக்கு என்ன பதில் வந்தாலும் சமையல்காரருக்கு அதனால் ஒரு வேலையும் ஆகாது. கேள்வி பொதுவாக இருக்கும்போதுதான் மரியாதைக்குப் பதில் சொல்வது சுலபம். குறிப்பாகக் கேட்டால் ஆள் நினைத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

புதிய கேள்வியை இப்படி எழுதினேன்:

"நேற்று இரவுச் சாப்பாட்டில் காரம் உங்களுக்கு எப்படி இருந்தது? மிகவும் குறைவு / சற்றுக் குறைவு / சரியான அளவு / சற்று அதிகம் / மிகவும் அதிகம்"

உணவுப் பொருள்களைச் சுவைத்துச் சோதிக்கும் துறையில் வழக்கமாகப் பயன்படும் அளவுகோல் வகைதான் இது. நடுவில் சரியான அளவு, இரண்டு பக்கமும் சம எண்ணிக்கையில், சம எடையுள்ள சொற்கள். "சற்று", "மிகவும்" என்ற சொற்களை இரு பக்கமும் அப்படியே திருப்பி வைத்திருப்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் "சற்றுக் குறைவு" என்றும் மறு பக்கம் "தாங்க முடியாத காரம்" என்றும் போட்டால் ஐந்து தெரிவு இருந்தும் அளவுகோல் சாய்ந்துவிடும். தாங்க முடியாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப் பலர் தயங்குவார்கள், குறிப்பாக ஆண்கள்.

இந்த வகைக் கேள்வியில் ஒரு எச்சரிக்கை உண்டு. பதில்களுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுத்துச் சராசரி எடுக்கக் கூடாது. 20 சீட்டில் 10 பேர் சற்றுக் குறைவு என்றும் 10 பேர் சற்று அதிகம் என்றும் போட்டிருந்தால், சராசரி சரியாக 3 வரும். அதாவது எல்லாருக்கும் சரியான அளவு என்று காகிதம் சொல்லும், உண்மையில் ஒருவருக்கும் சரியில்லை. ஒவ்வொரு தெரிவுக்கும் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ண வேண்டும். இதை ஆச்சியின் கணக்குப்பிள்ளைக்கு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டிவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

"பரவாயில்லை" என்ற சொல்லைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கருத்துப் படிவங்களில் கை தானாக இதைத்தான் எழுதும், நடுத்தரம் என்று பொருள் என நினைத்துக்கொண்டு. பழைய சீட்டில் அதற்குக் குறி போட்ட இரண்டு குடும்பங்கள் விடுதியில் இன்னும் இருந்தன. என்ன நினைத்துப் போட்டீர்கள் என்று இரு வீட்டாரிடமும் பேசினேன். ஒருவர், "பரவாயில்லையே, நன்றாகத்தான் இருக்கிறது" என்ற வியப்பில் போட்டிருக்கிறார், அதாவது பாராட்டு. இன்னொருவர், "சரி விடு, போனால் போகட்டும்" என்ற பொருளில் போட்டிருக்கிறார், அதாவது குறை. ஒரே கட்டத்தில் இரண்டு எதிர்ப் பதில்கள். இந்தச் சொல்லை அளவுகோலில் வைக்கவே கூடாது என்பது என் முடிவு. "சுமார்" என்பதும் அப்படித்தான். பெயருக்கு நடுத்தரம், ஆனால் காதில் குறையாக விழும். நடுவுக்கு ஒரு சொல் வேண்டுமென்றால் "நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை" என்று நீட்டி எழுதுவதே மேல். அழகாக இருக்காது, ஆனால் எல்லாருக்கும் ஒரே பொருள்தான் படும்.

இரண்டாவது கேள்வி: "அறையும் கழிவறையும் சுத்தமாகவும் வசதியாகவும் இருந்தனவா?" அறை சுத்தம், அறை வசதி, கழிவறை சுத்தம், கழிவறை வசதி என்று நான்கு கேள்விகள் ஒரே கேள்வியாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அறை பளிச்சென்று இருந்து கழிவறைத் தரை மட்டும் ஈரமாக இருந்தால் ஆம் போடுவதா, இல்லை போடுவதா? பெரும்பாலோர் ஆம் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் ஒன்று நன்றாக இருந்ததே. தமிழில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. கேள்வியில் "உம்" இரண்டு முறை வந்தால் நிறுத்திப் படியுங்கள், அநேகமாக இரண்டு கேள்வி இருக்கும். இதையும் ஆச்சியிடம் கேட்டபோது, அறை துடைப்பதில் அவருக்குக் கவலை இல்லை, கழிவறையைப் பற்றித்தான் சந்தேகம் என்று தெரிந்தது. அதனால் கழிவறைச் சுத்தத்துக்கு மட்டும் ஒரு கேள்வி வைத்தோம். மற்ற மூன்றும் போய்விட்டன.

மூன்றாவது கேள்வியில் சிக்கல் எதிர்ப்பக்கம் இருந்தது. "சாப்பாட்டுக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருந்ததா?" பாராட்டை வாங்கும் கேள்வி மட்டும்தான் சாய்ந்த கேள்வி என்று பலர் நினைக்கிறார்கள். இது குறையை வாங்கும் கேள்வி. "அதிக நேரம்" என்று நாமே எடுத்துக் கொடுக்கிறோம், "வேண்டியிருந்ததா" என்பதில் சலிப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தவர்கூட ஆமாம், காத்திருந்தோம் என்பார். இதை வைத்துச் சமையல்கட்டுக்குத் திட்டு விழுந்தால் அது நியாயமில்லை.

"இலையில் உட்கார்ந்ததிலிருந்து சாதம் பரிமாறும் வரை ஏறக்குறைய எத்தனை நிமிடம் ஆனது?" என்று மாற்றினேன். கணக்குப்பிள்ளை உடனே, 5 நிமிடத்துக்குள், 5 முதல் 10, 10 முதல் 15, 15க்கு மேல் என்று தெரிவுகள் போட்டுவிடலாமே, எண்ணுவது சுலபம் என்றார். வேண்டாம் என்றேன். தெரிவுகளின் எல்லையே பதிலை இழுத்துவிடும். ஜெர்மனியில் நடந்து 1985இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பேர்போனது. தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று இரண்டு குழுவிடம் கேட்டார்கள். ஒரு குழுவுக்குக் கொடுத்த பட்டியல் அரை மணி நேரத்தில் தொடங்கி இரண்டரை மணிக்கு மேல் என்று முடிந்தது. மற்றதற்கு இரண்டரை மணி வரை என்பதில் தொடங்கி நாலரை மணிக்கு மேல் என்பது வரை போனது. முதல் குழுவில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம், இரண்டாவது குழுவில் 37.5 சதவீதம். கேள்வி ஒன்றுதான், பட்டியல்தான் வேறு. நடுவில் இருப்பதுதான் எல்லாருக்கும் வழக்கம் போலிருக்கிறது என்று எண்ணி, ஆள் தன்னையும் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார். அதனால் எங்கள் சீட்டில் "___ நிமிடம்" என்று வெறும் கோடு விட்டோம். விருந்தினர் கடிகாரம் பார்த்திருக்க மாட்டார்கள், தோராயமாகத்தான் எழுதுவார்கள். இருந்தாலும் நாம் பிடித்துத் தள்ளிய எண்ணாக இருக்காது.

அப்புறம் சின்னச் சின்ன ஒட்டுகள். தானே, அல்லவா, இல்லையா, கூட, ஆவது, மட்டும்: தமிழில் கேள்வியைச் சாய்ப்பதற்குத் தனி வாக்கியமே தேவையில்லை, இவற்றில் ஒன்று போதும். "குடிநீராவது சரியாக வந்ததா?" என்றால் மற்றதெல்லாம் மோசம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. "பணியாளர்கள் கனிவாக நடந்துகொண்டார்கள்தானே?" என்றால் மறுப்பதற்குத் துணிச்சல் வேண்டும். சீட்டு முழுவதிலும் இந்த ஒட்டுகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்த பிறகு வாக்கியம் வறண்டு தெரிந்தது. ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை, "விருந்தாளிக கிட்ட இப்படியா மொட்டையாக் கேக்குறது?" என்றார். அவர் சொன்னதிலும் பொருள் இருந்தது. மரியாதை வேண்டும், ஆனால் அதைக் கேள்விக்கு வெளியே வைக்கலாம். சீட்டின் தலைப்பில் "எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியதற்கு நன்றி. நீங்கள் உள்ளபடி சொல்வது எங்கள் அடுப்படிக்கு உதவும்" என்று இரண்டு வரி சேர்த்தோம். கனிவெல்லாம் அங்கேயே முடிந்துவிட வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

எழுதியதை அப்படியே அச்சுக்குக் கொடுக்கவில்லை. வந்திருந்த விருந்தினரில் விருப்பமுள்ள சிலரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லி, "இது என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றேன். "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை. அதற்கு எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். தன் வார்த்தையில் சொல்லும்போதுதான் இடறல் வெளியே வரும். காரக் கேள்வியில் அப்படி ஒன்று வந்தது. மதுரையிலிருந்து வந்த ஒரு அம்மா, "எனக்குச் சரியா இருந்துச்சு, பிள்ளைங்கதான் சாப்பிடவே இல்லை. நான் எனக்குப் போடணுமா, பிள்ளைகளுக்குப் போடணுமா?" என்று கேட்டார். குடும்பத்துக்கு ஒரு சீட்டு கொடுத்தால் "உங்களுக்கு" என்பது யாரைக் குறிக்கும் என்பதே தெளிவில்லை. இலையில் மீந்த கறிக்கும் சீட்டில் வந்த பாராட்டுக்கும் இடையே இருந்த இடைவெளியில் ஒரு பகுதி இதுதான். சீட்டை நிரப்புவது பெரியவர், இலையில் மிச்சம் வைப்பது பிள்ளைகள்.

அதனால் கேள்வியை இரண்டாகப் பிரித்தோம். "காரம் உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று ஒன்று. "உங்களுடன் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சாப்பிட்டிருந்தால், அவர்களுக்குக் காரம் எப்படி இருந்தது?" என்று இன்னொன்று, கூடவே "பிள்ளைகள் வரவில்லை" என்று ஒரு தெரிவு. பொருந்தாதவர் வேறு வழியில்லாமல் எதிலாவது குறி போடாமல் இருக்க அந்தக் கடைசித் தெரிவு அவசியம்.

கொஞ்ச நாள் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் சேர்த்தே பயன்படுத்தினோம். ஒரு அறைக்குப் பழையது, அடுத்த அறைக்குப் புதியது என்று மாற்றி மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். ஒரு வாரம் பழையது, மறு வாரம் புதியது என்று செய்யக் கூடாது. சனி ஞாயிறு வருகிறவர்கள் வேறு, வார நாளில் வருகிறவர்கள் வேறு, முகூர்த்த நாளில் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முற்றிலும் வேறு. வித்தியாசம் கேள்வியால் வந்ததா, ஆட்களால் வந்ததா என்று பிரிக்க முடியாமல் போய்விடும். பழைய சீட்டு எப்போதும் போலப் பாராட்டையே கொண்டுவந்தது. புதியதில் பெரியவர்களில் அதிகம் பேர் சரியான அளவு என்றார்கள், பிள்ளைகள் வரிசையில் குறிகள் வலது பக்கம் கூடியிருந்தன. சதவீதம் எதுவும் போட வேண்டாம் என்றேன். இவ்வளவு சிறிய விடுதியில் நாலு சீட்டு கூடக்குறைய வந்தாலே சதவீதம் தலைகீழாகிவிடும். எந்தப் பக்கம் கூடியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தாலே முடிவெடுக்கப் போதும். காரத்தைக் குறைக்கவில்லை. பிள்ளைகளுக்குத் தனியாக மிளகு குறைத்த குழம்பும், இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வைத்தார்கள்.

இந்த வேலை முடிந்ததும் பணியாளர்களுக்கான தாளையும் பார்க்கச் சொன்னார் ஆச்சி. அங்கே காலை 6 முதல் 11 வரை, பிறகு மாலை 4 முதல் 9 வரை என இரண்டு வேளையாக வேலை. தாளில் இருந்த கேள்வி: "மதிய இடைவேளை உங்களுக்கு ஓய்வெடுக்க வசதியாக உள்ளது. உடன்படுகிறேன் / உடன்படவில்லை." வாக்கியத்தைச் சொல்லி உடன்படச் சொல்லும் இந்த வடிவமே ஆம் பக்கம் இழுக்கும், முதலாளி கொடுக்கும் தாளில் இன்னும் அதிகமாக. சோதனையாக அதே கேள்வியைப் புரட்டி, "மதிய இடைவேளை உங்களுக்குத் தொந்தரவாக உள்ளது" என்று வாசித்துக் காட்டினேன். முதலில் வசதி என்று தலையாட்டிய ஒரு அண்ணன் இதற்கும் தலையாட்டினார். இரண்டு எதிர் வாக்கியத்துக்கும் ஒரே ஆள் ஆம் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. கேள்வி எதையும் அளக்கவில்லை என்று பொருள்.

பாத்திரம் கழுவும் அக்கா ஒருவரிடம் அந்த மதிய நேரத்தைப் பற்றிப் பேசினேன். வீடு தூரம். "பஸ் பிடிச்சுப் போயிட்டுத் திரும்பவே நேரம் சரியாப் போகும் தம்பி, அதனால பின்கட்டுலயே உக்காந்திருப்பேன்" என்றார். அவருக்கு அது இடைவேளையும் இல்லை, ஓய்வும் இல்லை. "இடைவேளை", "ஓய்வு" என்ற சொற்களையே தாளிலிருந்து எடுத்துவிட்டு, முதலில் நடப்பதைக் கேட்டோம்: "காலை வேலை முடிந்து மாலை வேலை தொடங்கும் வரை பெரும்பாலும் எங்கே இருப்பீர்கள்? என் வீட்டில் / விடுதியில் / வேறு இடத்தில்." அதற்கு அடுத்தது:

"வேலை நேரத்தில் எதை விரும்புகிறீர்கள்? இப்போது இருப்பது போல இரண்டு வேளை / ஒரே தொடர்ச்சியாக ஒரு வேளை / எதுவானாலும் எனக்குச் சரி / இப்போது சொல்ல இயலவில்லை"

இரண்டு ஏற்பாடும் கேள்விக்குள் சம இடத்தில் இருக்கின்றன. மேலாளர், ஒரே வேளையாக்கினால் ஆள் சுழற்சியில் வாரம் ஒரு நாள் இரவு வேலை வரும் என்பதையும் எழுதச் சொன்னார். உண்மைதான், ஆனால் ஒன்றின் சிரமத்தை மட்டும் எழுதினால் தராசின் ஒரு தட்டில் கல் வைத்த மாதிரி. எழுதுவதானால் இரண்டின் சிரமத்தையும் ஒரே நீளத்தில் எழுத வேண்டும், இல்லையென்றால் இரண்டையும் விட்டுவிட வேண்டும். இரண்டையும் ஒவ்வொரு வரியில் தாளின் மேலே போட்டோம், கேள்வியைச் சுத்தமாக விட்டோம்.

தாளின் கீழே பெயர் கேட்கவில்லை, ஆனால் பிரிவு, வயது, ஆணா பெண்ணா என்று மூன்று கட்டம் இருந்தது. இருபது பேர்கூட இல்லாத இடத்தில் "தோட்டம், 50க்கு மேல், ஆண்" என்றால் அது ஒரே ஆள்தான். அந்த மூன்றையும் அடித்தேன். தாளை மேலாளர் கையால் வாங்கக் கூடாது, முகப்பில் பூட்டிய பெட்டி வைத்து அதில் போடச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். கேள்வி எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும், வாங்குகிற கை தெரிந்தால் பதில் அந்தக் கைக்காகத்தான் எழுதப்படும். எழுத வராத இருவருக்கு வாசித்துக் காட்டி நிரப்ப, விடுதியில் வேலை பார்க்காத ஒரு கல்லூரிப் பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். அவளுக்கு நான் சொன்னது ஒன்றுதான்: தாளில் உள்ளதை உள்ளபடி, எல்லாத் தெரிவுகளையும் ஒரே குரலில் வாசி, விளக்கம் கேட்டால் கேள்வியையே மறுபடி வாசி.

இந்தத் திருத்தங்களால் சரியாகாத ஒன்றும் இருக்கிறது. கோபத்தோடு கிளம்பும் விருந்தினர் சீட்டை வாங்காமலே வண்டியில் ஏறிவிடுகிறார். அவர் பதில் எந்த வார்த்தையாலும் வராது. எத்தனை அறைக்குச் சீட்டு கொடுத்தோம், எத்தனை திரும்பி வந்தது என்று கணக்குப்பிள்ளை இப்போது தனி ஏட்டில் குறித்து வருகிறார். திரும்பாத சீட்டுகள் எந்த அறைகளிலிருந்து என்று அதில் பார்த்தபோது, தெருப்பக்கத்து அறை ஒன்று அடிக்கடி வந்தது. அந்த அறையின் தண்ணீர்க் குழாயைப் பார்க்க ஆள் சொல்லியிருக்கிறார்கள்.